சுகரும் பிரஷரும் இருப்பவர் காப்பீடு எடுக்கும்போது: சிறப்புப் பாலிசியா, சாதாரணப் பாலிசியா?

"எனக்கு சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு. இனிமே யாராவது பாலிசி தருவாங்களா?" மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பதில் எளிது, தருவார்கள். ஆனால் என் மேசைக்கு முன்னால் கலங்கி நின்றவர்களில் பலர் கையில் பாலிசி அட்டையோடுதான் நின்றார்கள். காலில் புண் புரையோடி அட்மிட் ஆன அந்த நாளில், அவர்களுடைய பாலிசி அந்த நோய்க்கு இன்னும் திறக்கவில்லை. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. என் நோய்க்கு இந்தப் பாலிசி எந்தத் தேதியிலிருந்து பணம் தரும்? தரும்போது பில்லில் என் பங்கு எவ்வளவு? சாதாரணப் பாலிசிக்கும் சுகர், பிரஷருக்கென்று விற்கும் சிறப்புப் பாலிசிக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட முழுவதும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.

முதல் முறையாகப் பாலிசி எடுப்பவரை மனதில் வைத்து, செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

1. சாதாரணப் பாலிசி உங்களை எப்படிப் பார்க்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு டாக்டர் கண்டுபிடித்த நோய், அல்லது அந்தக் காலத்தில் மருந்தோ ஆலோசனையோ பெற்ற நோய், 'முன்பே இருக்கும் நோய்' என்று கணக்காகும். தினமும் மாத்திரை சாப்பிடுகிற சுகரும் பிரஷரும் இதில் வராமல் இருக்க வழியே இல்லை. இப்படிப்பட்ட நோய்க்கு நிறுவனங்கள் காத்திருப்புக் காலம் வைக்கலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரல் முதல் அதன் உச்சவரம்பை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. சாதாரணப் பாலிசிகளில் இது பெரும்பாலும் 24 அல்லது 36 மாதமாக இருக்கும்.

அந்த 36 மாதமும் பாலிசி சும்மா கிடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. முதல் 30 நாள் போன பிறகு டெங்கு, டைபாய்டு, நிமோனியா என்று புதிதாக வரும் பெரும்பாலான நோய்களுக்கு அது பணம் தரும். விபத்துக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. கதவு மூடியிருப்பது சுகருக்கும் பிரஷருக்கும் அவற்றின் நேரடிச் சிக்கல்களுக்கும், பின்னால் நான் சொல்லும் ஒரு பட்டியல் நோய்களுக்கும் மட்டும்.

சிரமமே இந்த 'நேரடிச் சிக்கல்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. சுகர் 600-க்கு ஏறி அட்மிட் ஆனால் யாருக்கும் சந்தேகம் வராது. காலில் ஆறாத புண், சிறுநீரகம் பழுதாவது, கண்ணின் விழித்திரையில் ரத்தக் கசிவு, பிரஷர் ஏறி வரும் பக்கவாதம், மாரடைப்பு, இவையெல்லாமும் அந்தக் கணக்கில்தான் கொண்டுவரப்படும். சுகருக்காக மட்டும் ஆஸ்பத்திரியில் படுப்பவர்கள் குறைவு. அது கொண்டுவரும் இந்தச் சிக்கல்களுக்குத்தான் லட்சக்கணக்கில் பில் வருகிறது. அதனால் 36 மாதக் காத்திருப்பு என்பது உங்களுக்கு மிகவும் தேவைப்படக்கூடிய செலவுகளை வெளியே நிறுத்தி வைப்பது.

இதை விளம்பரத் தாளில் தேடாதீர்கள். பாலிசி விதிமுறைப் பத்திரத்தை நிறுவனத்தின் இணையதளத்தில் இறக்கி, பிடிஎஃப்-இல் Excl01 என்று தேடுங்கள். எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே குறியீடுதான். அந்தப் பத்தியில் எத்தனை மாதம் என்று எழுதியிருக்கும். காப்பீட்டுத் தொகையைப் பின்னால் கூட்டினால், கூட்டிய பகுதிக்குக் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பதும் அங்கேயே இருக்கும். அதனால் தொகையை ஆரம்பத்திலேயே போதுமான அளவுக்கு எடுப்பது நல்லது.

2. சிறப்புப் பாலிசி எதைத் தருகிறது, எதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது

சிறப்புப் பாலிசியின் பெரிய வரவு காலம். சிலவற்றில் சுகருக்கும் பிரஷருக்கும் முதல் நாளிலிருந்தே, சிலவற்றில் 30 நாள் கழித்து, சிலவற்றில் ஒன்று அல்லது இரண்டு வருடம் கழித்துக் கதவு திறக்கும். எச்டிஎஃப்சி எர்கோவின் எனர்ஜி, சுகரும் பிரஷரும் உள்ளவர்களுக்கென்றே முதல் நாள் பாதுகாப்போடு வடிவமைக்கப்பட்டது. ஸ்டார் ஹெல்த்தின் டயாபிடிஸ் சேஃப் இரண்டு வகையாக வந்தது. மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டு எடுப்பது ஒன்று, பரிசோதனை இல்லாமல் எடுப்பது இன்னொன்று. பரிசோதனைக்குச் சம்மதித்தவருக்குச் சுகரின் சிக்கல்கள் உடனே திறக்கும். சம்மதிக்காதவர் இதயம், சிறுநீரகம், கண், கால் புண் ஆகியவற்றுக்குக் காத்திருக்க வேண்டும். கேர் நிறுவனத்தின் ஃப்ரீடம், பரிசோதனை கேட்காமல் தருவதற்கு ஈடாக ஒவ்வொரு பில்லிலும் உங்கள் பங்கைக் கேட்கும். பெயர்களும் விதிகளும் அடிக்கடி மாறும். வாங்கும் அன்றைக்குள்ள பத்திரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இவ்வளவு தருகிறவர்கள் நான்கு வழியில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்.

முதலாவது பிரீமியம். அதே வயது, அதே தொகைக்குச் சிறப்புப் பாலிசி கூடுதலாகவே இருக்கும். இதை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள், அதனால் இங்கே நிற்க வேண்டாம்.

இரண்டாவது கோ-பே. பில்லில் 20 சதவீதம் உங்களுடையது என்று இருந்தால், அது சுகருக்கு மட்டும் இல்லை, பெரும்பாலும் எல்லா கிளெய்முக்கும் பொருந்தும். நீங்கள் டெங்குவுக்குப் படுத்தாலும் 20 சதவீதம் கட்ட வேண்டும். அதோடு அது காத்திருப்புக் காலம்போல ஒரு நாளில் முடிவதும் இல்லை. பாலிசி உள்ள வரைக்கும் உண்டு, சிலவற்றில் வயது ஏற ஏற அந்தச் சதவீதமும் ஏறும்.

மூன்றாவது உள் வரம்பு. பாலிசித் தொகை 5 லட்சம் என்று அட்டையில் இருக்கும். பத்திரத்தின் உள்ளே இதய சிகிச்சைக்கு இவ்வளவுதான், கண்புரைக்கு இவ்வளவுதான், அறை வாடகை தொகையில் 1 சதவீதம்தான் என்று இருக்கும். இதில் அறை வாடகை ஆபத்தானது. 5 லட்சத்தில் 1 சதவீதம் 5,000 ரூபாய். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் தங்கினால் வித்தியாசம் நாளுக்கு 3,000தானே என்று தோன்றும். ஆனால் அறுவை சிகிச்சைக் கட்டணம், டாக்டர் கட்டணம், நர்சிங் கட்டணம் எல்லாம் எட்டில் ஐந்து பங்காகக் குறைக்கப்படும். அந்த வகைக் கட்டணங்கள் 1,60,000 வந்தால் 1,00,000தான் கிடைக்கும். மருந்து, பரிசோதனை, உடலுக்குள் வைக்கும் கருவிகள் இந்தக் குறைப்பில் வராது. டிஸ்சார்ஜ் அன்று பில்லைப் பார்த்து, "ரூம் வாடகை கொஞ்சம் கூடத்தானேம்மா, எப்படி அறுபதாயிரம் கட்டச் சொல்றீங்க?" என்று கேட்ட ஒரு பெரியவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நான்காவதை ஏஜென்ட்டுகளே பலர் கவனிப்பதில்லை. கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று, சிறுநீரகக் கல், கர்ப்பப்பை அகற்றுவது என்று ஒரு பட்டியல் நோய்களுக்கு, சாதாரணப் பாலிசியைப் போலவே இதிலும், தனியாக ஒரு காத்திருப்பு உண்டு. வழக்கமாக 24 மாதம். பத்திரத்தில் Excl02 என்று இருக்கும். சிறப்புப் பாலிசி சுகரை முதல் நாளே திறந்துவிட்டாலும் இந்தப் பட்டியல் அப்படியே நிற்கும். இரண்டு காத்திருப்பும் ஒரே நோய்க்கு வந்தால் நீளமானதுதான் செல்லும். சுகர் உள்ளவர்களுக்குக் கண்புரை சீக்கிரம் வருவதால், "முதல் நாளிலிருந்து எல்லாம் உண்டுன்னு சொன்னாங்களே" என்று வருத்தப்படுவது பெரும்பாலும் இதில்தான்.

3. நடுவில் ஒரு மூன்றாம் வழி இருப்பதை மறக்காதீர்கள்

சில வருடங்களாக நல்ல சாதாரணப் பாலிசிகளிலேயே, கூடுதல் பிரீமியம் கட்டினால் சுகர், பிரஷர், கொழுப்பு, ஆஸ்துமா போன்றவற்றுக்கான காத்திருப்பை 30 நாளாகக் குறைக்கும் இணைப்பு கிடைக்கிறது. ரைடர் என்பார்கள். ஆதித்யா பிர்லாவின் ஆக்டிவ் வரிசையில் நாள்பட்ட நோய் மேலாண்மை என்ற பெயரிலும், ஐசிஐசிஐ லம்பார்டின் எலிவேட்டில் ஜம்ப்ஸ்டார்ட் என்ற பெயரிலும் இது வந்தது. இதில் கோ-பே கட்டாயமில்லாத பாலிசிகள் இருக்கின்றன, அறை வாடகை வரம்பும் தளர்வாக இருக்கும். ஆனால் இதைப் பெற உங்கள் உடல்நிலையை நிறுவனம் ஏற்க வேண்டும். சுகர் கட்டுக்குள் இருப்பவருக்குக் கிடைக்கும். இன்சுலின் போடுகிறவருக்கும், சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டவருக்கும், ஸ்டென்ட் வைத்தவருக்கும் கிடைப்பது கடினம். சிறப்புப் பாலிசியின் உண்மையான இடம் அங்கேதான் என்பது என் அபிப்பிராயம். மற்ற கதவுகள் மூடியவருக்கு அது நல்ல கதவு. மற்ற கதவுகள் திறந்திருப்பவர் முதலில் அதற்குள் போக வேண்டியதில்லை.

4. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

திண்டுக்கல்லில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் 54 வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆறு வருடமாகச் சுகர், நான்கு வருடமாகப் பிரஷர். மெட்ஃபார்மின் ஒன்று, டெல்மிசார்டன் ஒன்று. மூன்று மாத சராசரி, அதாவது எச்பிஏ1சி, 7.4. அவருக்கு 5 லட்சத்துக்கு மூன்று விலை வந்திருக்கிறது. கீழே வருவது கணக்குப் புரிவதற்காக நான் வைத்த எண்கள். உங்களுக்கு வரும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரணப் பாலிசி, 36 மாதக் காத்திருப்பு, கோ-பே இல்லை: வருடம் 26,000. அதே பாலிசி ரைடரோடு, 30 நாள் காத்திருப்பு: வருடம் 33,000. சிறப்புப் பாலிசி, முதல் நாளிலிருந்து, 20 சதவீதக் கோ-பே: வருடம் 36,000.

பதினான்காவது மாதம் இடது காலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் போய், விரல் ஒன்றை எடுக்க வேண்டிவருகிறது. பத்து நாள் அட்மிஷன், பில் 2,80,000. இதில் கையுறை, முகக்கவசம், பதிவுக் கட்டணம் என்று காப்பீடு தராத செலவு 20,000 என்று வைத்தால், கணக்குக்கு நிற்பது 2,60,000.

சாதாரணப் பாலிசி ஒரு ரூபாய்கூடத் தராது. 2,80,000-மும் அவர் கையிலிருந்து. ரைடர் இருந்தால் 2,60,000 கிடைக்கும், அவர் கட்டுவது 20,000. சிறப்புப் பாலிசி 2,60,000-இல் 20 சதவீதமான 52,000-ஐக் கழித்து 2,08,000 தரும், அவர் கட்டுவது 72,000.

அதே புண் நாற்பதாவது மாதம் வந்திருந்தால்? சாதாரணப் பாலிசியின் காத்திருப்பு முடிந்துவிட்டது. அது 2,60,000 முழுவதும் தரும். சிறப்புப் பாலிசி அப்போதும் 2,08,000தான் தரும்.

மூன்று வருடப் பிரீமியத்தைப் பாருங்கள். சாதாரணம் 78,000, ரைடர் 99,000, சிறப்பு 1,08,000. சாதாரணத்துக்கும் ரைடருக்கும் உள்ள 21,000 ரூபாய்தான் அந்த மூன்று வருடத்தைப் பத்திரமாகக் கடப்பதற்கான விலை. திண்டுக்கல்காரருக்கு ரைடர் கிடைக்குமானால் அதுதான் சரி. அது கிடைக்காமல் போனால் சாதாரணத்துக்கும் சிறப்புக்கும் உள்ள வித்தியாசம் 30,000. அந்தப் பணத்துக்கு அவர் பதினான்காவது மாதத்தில் 2,08,000 மிச்சப்படுத்துகிறார், ஆனால் நாற்பதாவது மாதத்துக்குப் பிறகு ஒவ்வொரு பில்லிலும் ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறார்.

வேலை பார்க்கும் நிறுவனமோ பிள்ளைகளின் நிறுவனமோ தரும் குழுக் காப்பீட்டில் உங்கள் பெயர் இருந்தால் கணக்கே மாறிவிடும். குழுக் காப்பீட்டில் பொதுவாக முன்பே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்து உண்டு. அது கைவசம் இருக்கும்போதே சாதாரணப் பாலிசி ஒன்றை எடுத்து அதன் 36 மாதத்தை ஓடவிடுங்கள். ஓய்வு பெறும் நாளில் காத்திருப்பு முடிந்திருக்கும்.

5. மாத்திரைச் செலவுக்காகப் பாலிசி வாங்காதீர்கள்

"இதுல டாக்டர் ஃபீஸ், சுகர் டெஸ்ட், மாத்திரை எல்லாம் வரும் சார்" என்றுதான் சிறப்புப் பாலிசியை அதிகம் விற்கிறார்கள். அட்மிட் ஆகாமல் ஆகும் செலவுக்குச் சில சிறப்புப் பாலிசிகள் கொஞ்சம் தருவது உண்மை. வருடத்துக்குச் சில ஆலோசனைகள், சில எச்பிஏ1சி பரிசோதனைகள், ஒரு சிறு தொகை, அவ்வளவுதான். அந்தத் தொகை எவ்வளவு என்று கேட்டு, கூடுதல் பிரீமியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாகக் கட்டுவது 10,000, கிடைப்பது 3,000 என்றால் அந்தக் காரணத்துக்காக வாங்க வேண்டாம்.

மாத்திரைச் செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும், மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும் அதே மூலப்பொருள் கொண்ட மாத்திரை குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முதலில் சேருங்கள். அதற்குப் பிரீமியம் இல்லை.

6. விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று மாதம்

எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு, மூன்று மாத சர்க்கரையின் சராசரி. முதல் நாள் இரவு பட்டினி கிடந்து இதை மாற்ற முடியாது. நிறுவனங்கள் உங்களை எடைபோட முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். 8-ஐத் தாண்டினால் பல நிறுவனங்கள் தயங்கும், கூடுதல் பிரீமியம் கேட்கும் அல்லது மறுத்துவிடும். இப்போது உங்களுக்கு 8.6 இருந்தால் அவசரப்பட்டு விண்ணப்பிக்காதீர்கள். ஒரு நிறுவனம் மறுத்தால், அடுத்த நிறுவனத்தின் படிவத்தில் 'முன்பு மறுக்கப்பட்டதா' என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டிவரும். டாக்டரைப் பார்த்து மருந்தைச் சரிசெய்து, மூன்று மாதம் ஒழுங்காக இருந்து, புதிய ரிப்போர்ட்டோடு போங்கள். கூடவே கிரியாட்டினின், சிறுநீரில் மைக்ரோ அல்புமின், ஈசிஜி மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை கேட்கும் பாலிசியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் உடல்நிலையைப் பார்த்து ஏற்றுக்கொண்ட நிறுவனம் பின்னால் தகராறு செய்வது கடினம்.

7. படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நீங்கள் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் கைபேசியில் படிவத்தை நிரப்பி, "ஓடிபி சொல்லுங்க சார்" என்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். சுகர் உண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று போய்விடுகிறது. பாலிசி அட்டையும் வந்துவிடும், பிரீமியமும் குறைவாக இருக்கும். இரண்டு வருடம் கழித்து மாரடைப்புக்குப் படுக்கும்போது கிளெய்ம் மறுக்கப்படும், பாலிசியே ரத்தாகலாம். Excl01 பத்தியின் கடைசி வரியையும் பாருங்கள். காத்திருப்பு முடிந்த பிறகும், விண்ணப்பத்தில் சொல்லி நிறுவனம் ஏற்றுக்கொண்ட நோய்க்குத்தான் பணம் என்று அங்கே இருக்கிறது.

எழுதும்போது நோயின் பெயரை மட்டும் எழுதி விடாதீர்கள். எந்த மாதம், எந்த வருடம் கண்டுபிடித்தார்கள், எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசி எச்பிஏ1சி எவ்வளவு என்று எழுதுங்கள். முதல் முறை சுகர் என்று சொன்ன பழைய லேப் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து அதன் தேதியைப் போடுங்கள். அந்தத் தேதி ஏன் முக்கியம் என்று இன்னொரு பகுதியில் சொல்கிறேன்.

பாலிசி கைக்கு வந்ததும் அதோடு வரும் விண்ணப்பப் பிரதியையும் வாடிக்கையாளர் தகவல் தாளையும் வாசியுங்கள். சுகரும் பிரஷரும் உங்கள் பெயருக்கு நேராக எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே மின்னஞ்சலில் திருத்தம் கேளுங்கள். பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். பரிசோதனைச் செலவு போன்ற சிலவற்றைக் கழித்து மீதிப் பணம் வரும். ஐந்து வருடம் விடாமல் புதுப்பித்தால், அதற்குப் பிறகு மோசடி என்று நிரூபித்தாலன்றி 'நீங்கள் சொல்லவில்லை' என்று மறுக்க முடியாது என்ற விதியும் இருக்கிறது. அதை நம்பி மறைக்காதீர்கள். ஐந்து வருடம் உடம்பு காத்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

8. சிறப்புப் பாலிசியில் நுழைந்தவர் பின்னால் மாற முடியும்

வேறு வழியில்லாமல் கோ-பே உள்ள சிறப்புப் பாலிசியை எடுத்தவர் ஆயுளுக்கும் அதிலேயே இருக்க வேண்டியதில்லை. மூன்று வருடம் விடாமல் புதுப்பித்திருந்தால், அந்தக் காத்திருப்பைக் கடந்ததாகக் கணக்கு வைத்து இன்னொரு நிறுவனத்தின் சாதாரணப் பாலிசிக்கு மாறலாம். போர்ட் செய்வது என்பார்கள். புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். பழைய தொகை வரைக்கும்தான் அந்தச் சலுகை. 5 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்கு மாறினால், கூடுதல் 5 லட்சத்துக்கு மறுபடி காத்திருக்க வேண்டும். புதிய நிறுவனம் உங்களைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் புதிய நிறுவனத்தின் சம்மதம் எழுத்தில் கைக்கு வரும்வரை பழையதைப் புதுப்பிக்காமல் விடாதீர்கள்.

9. அட்மிட் ஆகும் அன்று

இதை நான் மேசையிலிருந்து நேரில் பார்த்துப் பார்த்து நொந்துபோனேன். மயங்கி விழுந்தவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருவார்கள். பயிற்சி டாக்டர் கேட்பார், "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" கூட வந்த மைத்துனர் பதற்றத்தில், "அது இருக்கும் சார், ஒரு பத்து வருஷமா" என்பார். கேஸ் ஷீட்டில் டி.எம். பத்து வருடம், எஸ்.எச்.டி. பத்து வருடம் என்று ஏறிவிடும். டி.எம். என்றால் சுகர், எஸ்.எச்.டி. என்றால் பிரஷர். விண்ணப்பத்தில் ஆறு வருடம் என்று இருக்கும். நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் நான்கு வருடத்தை மறைத்தவர். கேஷ்லெஸ் மறுக்கப்படும்.

ஒரு அம்மாவுக்கு இப்படித்தான் நடந்தது. மகள் வீட்டுக்கு ஓடிப்போய், முதல் முறை சுகர் கண்டுபிடித்தபோது எடுத்த மஞ்சளேறிய லேப் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தாள். அதன் தேதி விண்ணப்பத்தோடு பொருந்தியது. சிகிச்சை பார்த்த டாக்டர் அதைப் பார்த்து, நோயின் காலம் உறவினர் தோராயமாகச் சொன்னது, ஆவணப்படி ஆறு வருடம் என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார். மறுநாள் அனுமதி வந்தது. அந்த ஒரு தாள் இல்லையென்றால் அவர்கள் நகை அடகுக்குத்தான் போயிருப்பார்கள்.

அதனால் அந்த முதல் ரிப்போர்ட்டையும், இப்போதைய மாத்திரைச் சீட்டையும், விண்ணப்பப் பிரதியையும் ஒரே உறையில் போட்டு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். உறை மேலேயே "சுகர்: இந்த வருடம் முதல், பிரஷர்: இந்த வருடம் முதல்" என்று பெரிதாக எழுதுங்கள். யார் கூடப் போனாலும் டாக்டரிடம் அதைப் பார்த்துச் சொல்லட்டும். திட்டமிட்ட அட்மிஷன் என்றால் அறை எடுக்கும் முன்பே உங்கள் பாலிசியின் அறை வரம்பைக் காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கும் முன் நோய் வரலாறு உள்ள வரியை வாசியுங்கள். தவறிருந்தால் அங்கேயே திருத்தம் கேட்பது சுலபம், வீட்டுக்குப் போன பிறகு கடினம்.

அப்படியும் மறுத்தால், காரணத்தைப் பத்திரத்தின் எந்த விதியின்படி என்று எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ காப்பீட்டு ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. நிறுவனம் இறுதியாக மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது விண்ணப்பப் பிரதியும் அந்தப் பழைய லேப் ரிப்போர்ட்டும்தான்.